அத்தியாயம் 4: நாலு பேர் போதும் – குறைந்த காயினில் முழு கெமிஸ்ட்ரி

அல்டிமேட் டீம் ஆட ஆரம்பிக்கிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு பெரிய ஸ்டிரைக்கர் கார்டுக்குக் கையிலிருக்கும் காயினில் பாதியைக் கொட்டிவிடுகிறார்கள். மீதிக் காயினில் ஆளுக்கொரு லீக், ஆளுக்கொரு நாடு என்று பத்துப் பேரைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஆட்டம் தொடங்கியதும் அந்த ஸ்டிரைக்கர் கார்டில் ஒரு வைரக்குறிகூட எரியாது. குறைந்த காயினில் அணி கட்டுவதற்கு இதற்கு நேர் எதிரான வரிசை வேண்டும். யார் யாரோடு சேர்ந்தால் கெமிஸ்ட்ரி வரும் என்ற கணக்கை முதலில் போட வேண்டும். எந்த நட்சத்திரத்தை வாங்கலாம் என்பதை அந்தக் கணக்கு முடிந்த பிறகு யோசித்தால் போதும்.

இந்த அத்தியாயத்தில் வரும் கணக்கு FIFA 23 பதிப்பில் வந்த முறையைச் சேர்ந்தது. அதற்கு முன்பு, பக்கத்துப் பக்கத்து இடத்தில் நிற்கும் இரண்டு வீரர்களுக்கு நடுவே பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடு ஓடும். இப்போது கோடு கிடையாது. கோல்கீப்பரும் ஸ்டிரைக்கரும் ஒரே கிளப் என்றால், களத்தின் இரு முனைகளில் நின்றாலும் ஒருவருக்கொருவர் உதவுவார்கள். உதாரண அணிக்கு EA SPORTS FC 24 பதிப்பின் சாதாரண தங்கக் கார்டுகளை எடுத்துக்கொள்கிறேன். அவை 2023–24 சீசனின் கிளப்புகளோடு வந்தவை. நீங்கள் வேறு பதிப்பு ஆடினால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று படிகள்

ஒரு வீரருக்கு அதிகபட்சம் மூன்று கெமிஸ்ட்ரி புள்ளி. பதினொரு பேருக்கும் சேர்த்து 33. கிளப், லீக், நாடு என்று மூன்று வழியில் புள்ளி வரும். ஒவ்வொரு வழியிலும் எத்தனை பேர் சேர்ந்தால் எத்தனை புள்ளி என்பதற்குத் தனித்தனிப் படிகள் உண்டு.

ஒரே கிளப்பில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி, நான்கு பேர் இருந்தால் இரண்டு, ஏழு பேர் இருந்தால் மூன்று. ஒரே லீக் என்றால் மூன்று பேருக்கு ஒன்று, ஐந்து பேருக்கு இரண்டு, எட்டு பேருக்கு மூன்று. ஒரே நாடு என்றால் இரண்டு பேருக்கு ஒன்று, ஐந்து பேருக்கு இரண்டு, எட்டு பேருக்கு மூன்று. மூன்று வழியிலும் வருவதைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மூன்றைத் தாண்டியது கணக்கில் சேராது. மேனேஜரின் லீக்கோ நாடோ பொருந்தினால் அந்த வீரருக்கு இன்னும் ஒரு புள்ளி கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, வீரர் தன் கார்டில் உள்ள இடத்தில் நிற்க வேண்டும். லெஃப்ட் பேக்கை சென்டர் பேக் இடத்தில் நிறுத்தினால், அது அவருடைய மாற்று இடமாகவும் இல்லாதபோது, அவருக்கு ஒரு புள்ளியும் வராது. அதோடு போகாமல் அவருடைய கிளப், லீக், நாடு மூன்றும் மற்றவர்களின் கணக்கிலிருந்தும் கழிந்துவிடும். ஒருவரை இடம் மாற்றியதும் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரின் வைரக்குறி சேர்ந்து அணைந்தால் காரணம் இதுதான்.

சரி, இந்தப் படிகளில் குறைந்த செலவில் முழுப் புள்ளி தருவது எது? ஒரே லீக்கிலிருந்து எட்டுப் பேரை எடுப்பது எளிதான வழி. ஆனால் எல்லோரும் செய்வது அதைத்தான். அதனால் பிரபலமான லீக்குகளில் வேகமான டிஃபண்டர், வேகமான விங்கர் என்றால் விலை ஏறிக் கிடக்கும். என் சிபாரிசு, ஒரே கிளப்பில் நான்கு பேர். கிளப் வழியில் ஆளுக்கு இரண்டு புள்ளி வந்துவிடும். நாலு பேரும் ஒரே லீக் என்பதால் லீக்கின் முதல் படியும் தானாக நிறைந்து இன்னொரு புள்ளி வரும். ஆக ஆளுக்கு மூன்று. அணியில் வேறு யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நால்வருக்குக் குறைவே வராது. பட்டியல் நடுவே இருக்கும் ஒரு கிளப்பைத் தேடிப் பிடித்தால், பெரிய லீக்குகளில்கூட இந்த நால்வர் மலிவாக அமைவார்கள்.

ஒரு அணியைக் கட்டிப் பார்ப்போம்

4-4-2 என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் புண்டஸ்லிகாவிலிருந்து ஆர்.பி. லைப்ஸிக் நால்வர்: சென்டர் பேக்கில் முகமது சிமாக்கான், காஸ்டெல்லோ லுகேபா, லெஃப்ட் பேக்கில் டேவிட் ரௌம், முன்னால் லோயிஸ் ஒப்பென்டா. இவர்களுக்குக் கிளப்பில் இரண்டு, லீக்கில் ஒன்று, ஆக ஆளுக்கு மூன்று. சிமாக்கானும் லுகேபாவும் பிரான்ஸ் நாட்டவர்கள். அதனால் வரும் ஒரு புள்ளி இப்போதைக்குத் தேவையில்லை. பிறகு ஒரு இடத்தில் அதுவே கைகொடுக்கும்.

அடுத்து பிரீமியர் லீக்கிலிருந்து ஆஸ்டன் வில்லா நால்வர்: கோலில் எமிலியானோ மார்ட்டினெஸ், ரைட் பேக்கில் மேட்டி கேஷ், நடுக்களத்தில் ஜான் மெக்கின், ஒப்பென்டாவுக்குத் துணையாக ஆலி வாட்கின்ஸ். இவர்களுக்கும் ஆளுக்கு மூன்று. எட்டு இடம் நிறைந்து 24 புள்ளி கையில் வந்துவிட்டது.

மிச்சம் இருப்பவை நடுக்களத்தில் ஒரு இடமும் இரண்டு ஓரங்களும். இங்கே மூன்றாவது லீக்கைத் தேடிப் போக வேண்டாம். பிரீமியர் லீக்கிலேயே மூன்று பேரை எடுத்தால் அந்த லீக்கின் எண்ணிக்கை ஏழாகும். ஐந்து பேர் என்ற படியைத் தாண்டிவிட்டதால், எந்தக் கிளப்பாக இருந்தாலும் லீக்கிலிருந்தே இரண்டு புள்ளி வரும். நடுவில் செல்சியின் கானர் கல்லகர், வலது ஓரத்தில் வெஸ்ட் ஹாமின் ஜாரட் போவன், இடது ஓரத்தில் பிரைட்டனின் கவோரு மிட்டோமா என்று வைக்கலாம். கல்லகர், போவன், வாட்கின்ஸ் மூவரும் இங்கிலாந்து. அதனால் கல்லகருக்கும் போவனுக்கும் நாட்டு வழியில் ஒன்று கூடி மூன்றாகிவிடும். மிட்டோமாவுக்கு மட்டும் நாட்டுத் துணை இல்லை, அவர் இரண்டில் நிற்பார். மொத்தம் 32. பிரீமியர் லீக்கைச் சேர்ந்த ஒரு மேனேஜரைப் போட்டால் அவருக்கும் மூன்று, மொத்தம் 33.

ஓர வீரர்களை வாங்கும் முன் கார்டில் RM, LM என்று இருக்கிறதா, அல்லது மாற்று இடத்திலாவது அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிஜத்தில் ஒரே மாதிரி ஆடும் இரண்டு பேரில் ஒருவருக்கு RW மட்டும் போட்டிருப்பார்கள், இன்னொருவருக்கு இரண்டும் இருக்கும். RW மட்டும் உள்ளவரை இந்த அணியில் RM இடத்தில் நிறுத்தினால், அவர் பூஜ்ஜியமாவதோடு பிரீமியர் லீக் எண்ணிக்கையும் ஆறாகக் குறையும்.

இங்கே ஒரு வசதி இருக்கிறது, பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. கெமிஸ்ட்ரி கணக்கு ஸ்குவாட் திரையில் நீங்கள் தேர்ந்த ஃபார்மேஷனுக்குத்தான். ஆட்டம் தொடங்கியதும் கஸ்டம் டாக்டிக்ஸ் வழியாக வேறு வடிவத்துக்கு மாறினாலும் புள்ளிகள் குறையாது. ஆகவே கார்டுகளின் இடத்துக்குப் பொருந்தும் ஃபார்மேஷனில் அணியைக் கட்டுங்கள். களத்தில் உங்களுக்குப் பிடித்த வடிவத்தை டாக்டிக்ஸில் வைத்துக்கொண்டு, முதல் விசில் ஊதியதும் மாறிக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் தளர்வு, எந்தப் பக்கம் இறுக்கம்

33 வந்துவிட்டதே என்று இங்கேயே நின்றுவிட்டால் அணியை மேலே கொண்டுபோக முடியாது. அடுத்த வாரம் கொஞ்சம் காயின் சேரும். யாரை மாற்றுவது? இந்தக் கேள்விக்காகத்தான் ஒவ்வொரு வீரருக்கும் மூன்றுக்கு மேல் எவ்வளவு உபரி இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

வில்லா நால்வரைப் பாருங்கள். கிளப்பில் இரண்டு, லீக் எண்ணிக்கை ஏழாகிவிட்டதால் லீக்கில் இரண்டு, மேனேஜரிடமிருந்து ஒன்று, ஆக ஐந்து. தேவைப்படுவது மூன்றுதான். அதனால் கேஷை எடுத்துவிட்டு மான்செஸ்டர் சிட்டியின் கைல் வாக்கரை ரைட் பேக்கில் போட்டால் ஒரு வைரக்குறிகூட அணையாது. வில்லா எண்ணிக்கை மூன்றாகும், கிளப் புள்ளி ஒன்றாகும், ஆனால் லீக்கின் இரண்டோடு சேர்ந்து மூன்று நிற்கும். வாக்கருக்கு லீக்கில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று. பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டு பேரை வெளியே அனுப்பினாலும் ஐந்து என்ற படி குலையாது.

லைப்ஸிக் பக்கம் இப்படி இல்லை. ஒப்பென்டாவுக்குப் பதில் லெவர்குசனின் விக்டர் போனிஃபேஸ் வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அதே லீக், அதே இடம், பிரச்சினை வராது என்று தோன்றும். லைப்ஸிக் எண்ணிக்கை மூன்றாகி, கிளப் புள்ளி இரண்டிலிருந்து ஒன்றாக இறங்கும். சிமாக்கானும் லுகேபாவும் பிரான்ஸ் இணைப்பால் தப்பிவிடுவார்கள். ரௌம் இரண்டுக்கு வருவார். போனிஃபேஸுக்கு லீக்கில் ஒரு புள்ளிதான். மொத்தம் 30. புதிதாக வாங்கிய விலை கூடிய ஸ்டிரைக்கர்தான் அணியிலேயே கெமிஸ்ட்ரி குறைந்தவர் என்று ஆகிவிடும். அப்படியும் அவர்தான் வேண்டும் என்றால் மேனேஜரைப் புண்டஸ்லிகாவுக்கு மாற்றுங்கள். ரௌம் மூன்று, போனிஃபேஸ் இரண்டு, மிட்டோமா இரண்டு, மொத்தம் 31. இது ஏற்கத்தக்க விலை என்பது என் கருத்து.

அதனால் மேம்படுத்தும் வரிசை தெளிவு. பிரீமியர் லீக் பக்கம் தளர்வாக இருப்பதால் ஒவ்வொருவராக மாற்றலாம். லைப்ஸிக் பக்கத்தை அப்படியே விட்டுவைத்து, மாற்றுவதானால் நால்வரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

FC 24 முதல் இந்த ஆட்டத்தில் பெண் வீரர்களின் கார்டுகளும் உண்டு. அவர்களின் லீக் தனி, ஆனால் கிளப்பும் நாடும் ஆண்களின் கார்டுகளோடு சேர்ந்தே எண்ணப்படும். வாட்கின்ஸுக்குப் பதில் ஆஸ்டன் வில்லா பெண்கள் அணியின் ரேச்சல் டேலியைப் போட்டுக் கணக்கிடுங்கள். வில்லா எண்ணிக்கை நான்காகவே இருக்கிறது, இங்கிலாந்து எண்ணிக்கையும் மூன்றாகவே இருக்கிறது. டேலிக்குக் கிளப்பில் இரண்டு, நாட்டில் ஒன்று, ஆக மூன்று. பிரீமியர் லீக் ஆறாகிறது, படி மாறவில்லை. ஒரு கிளப்பைத் தேர்ந்ததும் அதன் ஆண், பெண் கார்டுகள் இரண்டையும் தேடுங்கள். ஒரு பக்கம் விலை ஏறிய இடத்தில் மறுபக்கம் மலிவாக இருக்கும்.

புள்ளி எங்கே உழைக்கிறது

33 என்ற எண் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் புள்ளி எல்லோரிடமும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. கெமிஸ்ட்ரி புள்ளி வீரரின் கெமிஸ்ட்ரி ஸ்டைலுக்கு எரிபொருள். ஷேடோ ஸ்டைல் வேகத்தையும் தடுப்பாட்டத்தையும் கூட்டும். ஹண்டர் வேகத்தையும் ஷூட்டிங்கையும் கூட்டும். புள்ளி ஒன்று என்றால் சிறிது கூடும், மூன்று என்றால் முழுதாகக் கூடும். பூஜ்ஜியம் என்றால் கார்டில் உள்ள எண்களோடு ஆடுவார், அதற்குக் கீழே போக மாட்டார்.

எனவே மூன்று புள்ளியை எங்கே காப்பாற்றுவது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்டர் பேக் இருவருக்கும் ஸ்டிரைக்கருக்கும் மூன்று வேண்டும். வேகம் சற்றுக் குறைந்த சென்டர் பேக்கை ஷேடோ காப்பாற்றும் அளவுக்கு வேறெதுவும் காப்பாற்றாது. கோல்கீப்பர் இரண்டோடு நின்றால் ஆட்டத்தில் பெரிதாகத் தெரியாது. பேக்கில் விற்க முடியாத நல்ல நடுக்கள வீரர் ஒருவர் கிடைத்து, அவருக்கு எந்த இணைப்பும் இல்லை என்றால், பூஜ்ஜியத்தோடு ஆட விடுங்கள். அவரால் மற்றவர்களின் படி எதுவும் குலையாத வரை நஷ்டமில்லை. மாற்று ஆட்டக்காரர்களுக்குக் கெமிஸ்ட்ரி கிடையாது. அதனால் பெஞ்சில் உட்காருபவரைத் தேர்வதற்கு லீக், நாடு பார்க்க வேண்டாம். ஸ்டைல் இல்லாமலே வேகமாக ஓடும் ஒருவர் போதும்.

ஷேடோ, ஹண்டர் இரண்டையும் எல்லோரும் தேடுவதால் அந்தக் கார்டுகளின் விலையே மலிவு டிஃபண்டரின் விலையை மிஞ்சுவதுண்டு. வீரரைத் தேடும்போது கெமிஸ்ட்ரி ஸ்டைல் வடிகட்டியில் ஷேடோவைத் தேர்ந்து பாருங்கள். ஏற்கெனவே ஸ்டைல் போட்ட கார்டை விற்கிறவர் அதற்குத் தனியாக விலை சேர்க்காமல் பட்டியலில் இட்டிருப்பார். ஸ்டைல் கார்டோடு சேர்ந்தே உங்களிடம் வரும்.

சமநிலை என்பது இன்னொரு கணக்கு

கெமிஸ்ட்ரி முழுதாக இருந்தும் அணி தோற்றுக்கொண்டே இருக்கலாம். நாம் கட்டிய அணியிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. மெக்கினும் கல்லகரும் இருவருமே ஓடி உழைக்கும் நடுக்கள வீரர்கள். இருவரும் ஒரே நேரத்தில் முன்னே ஏறிவிட்டால், பந்து பறிபோன கணத்தில் நடுவட்டத்திலிருந்து உங்கள் சென்டர் பேக் வரை வெற்றிடம். தொடர்ந்து சில ஆட்டங்களில் கோல்கள் எப்படி வாங்கினீர்கள் என்று கவனியுங்கள். எதிரி நடுவழியே நேராக ஓடி வந்து, உங்கள் சென்டர் பேக் முன்னே வந்து தடுக்க வேண்டிய நிலையில்தான் கோல் விழுகிறது என்றால், குறை டிஃபண்டரிடம் இல்லை. FC 24 பதிப்பில் ஒருவருக்கு Stay Back While Attacking என்ற கட்டளையைக் கொடுங்கள், காசே செலவில்லை. அதற்கும் சரியாகவில்லை என்றால் மெக்கினை எடுத்துவிட்டு, உயரமும் தடுப்பாட்டமும் உள்ள ஒரு பிரீமியர் லீக் நடுக்கள வீரரைத் தேடுங்கள். வில்லா பக்கத்தில் உபரி இருப்பதால் அது தடையில்லாமல் நடக்கும்.

கார்னரில் தொடர்ந்து கோல் விழுந்தால் பார்க்க வேண்டியது உயரம். ஓரங்களில் பந்து வரும்போதெல்லாம் உங்கள் ஃபுல் பேக்கைத் தாண்டி ஓடுகிறார்கள் என்றால் பார்க்க வேண்டியது அவருடைய வேகமும், அவர் முன்னே ஏறும் பழக்கமும். ரௌம் தாக்குதலுக்குப் பெயர் போனவர், அவரையும் பின்னே நிற்கச் சொல்வது நல்லது.

காயின் எப்போது இறங்கும்

டிரான்ஸ்ஃபர் சந்தையில் நீங்கள் விற்கும் ஒவ்வொரு கார்டுக்கும் ஐந்து சதவீதம் பிடித்தம் உண்டு. 10,000 காயினுக்கு வாங்கியதை அதே விலைக்கு விற்றால் கையில் வருவது 9,500. போட்ட காசு திரும்ப வேண்டுமென்றால் 10,750க்கு விற்க வேண்டும், ஏனென்றால் 10,500க்கு விற்றாலும் 9,975தான் வரும், அந்த விலையில் ஏற்றம் 250 காயின் கணக்கில்தான் நகரும். 40,000 மதிப்புள்ள அணியை முழுதாகக் கலைத்து மறுபடி கட்டுகிறவர் 2,000 காயினை ஆட்டத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார். வாரம் ஒருமுறை அணியைக் கலைக்கும் பழக்கம் சிறிய பட்ஜெட்டுக்கு ஆகாது.

வாங்குவதற்கு முன் முழு அணியையும் ஸ்குவாட் பில்டரில் போட்டுப் பாருங்கள். பிறகு நால்வரில் மிகக் கிடைக்காதவரை முதலில் வாங்குங்கள். மூன்று பேரை வாங்கி முடித்த பிறகு நான்காமவர் விலை ஏறியிருந்தால், கிளப் புள்ளி ஒன்றிலேயே நின்றுவிடும். உங்கள் பேக்குகளில் விற்க முடியாத கார்டுகளாக ஒரே கிளப்பில் இரண்டு பேர் கிடைத்திருந்தால், அந்தக் கிளப்பையே நால்வருக்கு அடிப்படையாக எடுங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

விலை வாரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். வார இறுதிப் போட்டிக்கு முன் எல்லோரும் அணியைத் தேற்றுவதால் நல்ல கார்டுகள் ஏறும், போட்டி முடிந்ததும் விற்பார்கள். வியாழக்கிழமை பரிசுப் பேக்குகள் திறக்கப்படும்போது சந்தையில் கார்டுகள் குவியும். புதிய சிறப்புக் கார்டுகள் பிரிட்டன் நேரப்படி மாலை ஆறு மணிக்கு வரும், நமக்கு அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அந்த நேரத்துக்குச் சற்றுப் பின், பேக் திறப்பவர்கள் சாதாரண தங்கக் கார்டுகளை அவசரமாகத் தள்ளும்போது, Buy Now விலைக்கு ஒரு உச்ச வரம்பு வைத்து நால்வரில் விடுபட்டவரைத் தேடுங்கள். மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால், ஏலம் முடிய ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும் கார்டுகளில் உங்கள் உச்ச விலையை ஒரே முறை போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.